இதுல எத்தனை கலர், அம்மிணி?

2024 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எங்கள் பின்னலாடைக் கம்பெனியின் சாம்பிள் அறையில் ஆர்டர் கொடுக்கும் பையர் வந்தால் டிசைன் காட்டுவதற்கென்று ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்குச் சின்ன முதலாளி அதில் நாற்பது டிசைன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார். குழந்தைகளுக்கான நைட் டிரஸ், துணி முழுவதும் படம் வரும் ஆல் ஓவர் பிரிண்ட். யானைக் கூட்டம், மாந்தோப்பில் கிளிகள், மழையில் காகிதக் கப்பல், நிலாவில் தூங்கும் முயல். ஒவ்வொன்றும் நீர்வண்ணத்தில் தீட்டியது போல அவ்வளவு அழகு. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "இத்தனையும் நேத்து ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் உக்காந்து போட்டதுங்க" என்றார் அவர். அவருக்குப் படம் வரையத் தெரியாது. எனக்கு அது தெரியும், அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். போட்டது, எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் ஏஐ மென்பொருள்.

நான் ஒரு நாளைக்கு ஒரு டிசைன் முடிப்பேன். கொஞ்சம் சிக்கலானது என்றால் மூன்று நாள் ஆகும். பின்னலாடை டிசைன் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் ஓடியது. நாற்பது டிசைன் என்றால் எனக்கு இரண்டு மாத வேலை. அவருக்கு ஒரு ராத்திரி. அப்பா விசைத்தறியில் இருந்தவர். நாடா இல்லாத தறிகள் எங்கள் பக்கம் வந்தபோது அவருடைய குடோன் எப்படிக் காலியானது என்று சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் "மெஷின் வந்தா என்ன, ஆள் வேணுமில்ல" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு அது வயிற்றில் இறங்காது. சில சமயம் ஆள் வேண்டியதில்லை என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

அடுத்த சில வாரங்கள் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை. டிவியில் பார்த்த டிசைன்களில் குறை தேடிக்கொண்டே இருந்தேன். யானைக்கு ஐந்து கால், முயலின் காது தலையணையில் ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக மெர்ச்சண்டைசரிடம் காட்டுவேன். அந்த மாதிரிக் குறைகள் இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிட்டன. மென்பொருளின் தப்பைக் காட்டி நம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது, அது நாளைக்குத் திருந்திவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் என் வேலை என்று உண்மையில் எதைச் சொல்வது? அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் எங்கள் ஆபீஸ் இல்லை, ஒரு பிரிண்டிங் யூனிட்டின் ஈரத் தரை.

17-ஆம் நம்பர்

நாற்பதில் 17-ஆம் நம்பர் கிளி டிசைன். ஐரோப்பிய பையர் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மாமரக் கிளைகள், பழங்கள், நடுவே பச்சைக்கிளிகள். 18,000 பீஸ் ஆர்டர். ரோட்டரி பிரிண்ட், ஆறு கலர், ஏனென்றால் பையர் கொடுத்த விலைக்கு ஆறு கலர்தான் கட்டுப்படியாகும். "ஃபைல் ரெடியா இருக்குதுங்க, நீங்க கொஞ்சம் கிளீன் பண்ணி யூனிட்டுக்கு அனுப்பிச்சிருங்க, ரெண்டு மணி நேர வேலைதானுங்க" என்று சின்ன முதலாளி சொன்னார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. டிவியில் பார்த்தால் எல்லாமே முடிந்துபோன டிசைன் போலத்தான் இருந்தது.

ரோட்டரி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் என்று நாங்கள் சொல்லும், நிக்கலில் செய்த உருளைகள் வரிசையாக நிற்கும். ஒரு உருளைக்கு ஒரு கலர். உருளையின் மேல் டிசைனின் அந்தக் கலர் வரும் இடங்களில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள் திறந்திருக்கும். உள்ளேயிருந்து கலர் பேஸ்ட் அழுந்தி, கீழே ஓடும் துணியில் இறங்கும். உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 சென்டிமீட்டர். ஆகவே டிசைனின் ரிப்பீட், அதாவது மறுபடி அதே படம் தொடங்கும் தூரம், 64 ஆகவோ அதில் மீதியில்லாமல் அடங்கும் 32, 16 போன்ற அளவாகவோ இருந்தே ஆக வேண்டும். எங்கள் தெருவில் இதைப் பிரிண்டிங் யூனிட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் பையன்கூடச் சொல்வான்.

படத்தைத் திறந்தேன். பக்கத்துக்கு 1,024 பிக்சல் உள்ள சதுரம். அதை 32 சென்டிமீட்டருக்கு விரித்தால் அங்குலத்துக்கு 81 பிக்சல்தான் வருகிறது. நாங்கள் யூனிட்டுக்கு 300 கொடுப்போம். சரி, பெரிதாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பெரிதாக்கினேன். அப்புறம் கலர். ஒரு கிளியின் இறக்கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் பச்சை என்று சொல்லக்கூடிய நிறம் நூற்றுக்கணக்கில் இருந்தது. வெயில் படும் பக்கம் மஞ்சளாகி, அடியில் நீலமாகி, ஓரத்தில் பின்னணியோடு கரைந்து போயிருந்தது. போட்டோஷாப்பில் ஆறு நிறமாகக் குறைக்கச் சொன்னேன். குறைத்துக் கொடுத்தது. திரையில் எட்ட இருந்து பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. ஓரங்களைத் தொடாமல், ரிப்பீட்டை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். எனக்கும் அப்போது ஒரு வீம்பு இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் இரண்டு மணி நேர வேலை என்றால் இரண்டு மணி நேரத்தில் என்ன வருகிறதோ அது வரட்டும் என்று நினைத்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், ஏனென்றால் அந்த வீம்புக்கு ஆறு ஸ்கிரீன் பலியானது.

ஸ்டிரைக் ஆஃப்

பல்க், அதாவது மொத்த ஆர்டரையும் ஓட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் துணியில் அடித்துப் பார்ப்பதுதான் ஸ்டிரைக் ஆஃப். அது அடித்த அன்றைக்கு யூனிட்டிலிருந்து மாஸ்டர் போன் செய்தார். "அம்மிணி, கொஞ்சம் நேர்ல வந்துட்டுப் போறீங்களா" என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து வருடமாகப் பிரிண்டிங்கில் இருப்பவர். சாதாரணமாகப் போனிலேயே திட்டிவிடுவார். நேரில் கூப்பிட்டதும் எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.

துணியை மேஜையில் விரித்து வைத்திருந்தார். கிளி இருந்தது, மாம்பழமும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சொறி பிடித்த மாதிரி இருந்தது. ஆறு நிறமாகக் குறைக்கும்போது மென்பொருள் என்ன செய்திருக்கிறதென்றால், இளம்பச்சை கரும்பச்சையாக மாறும் இடத்தில் இரண்டு பச்சையையும் பொடிப் பொடியாகக் கலந்து தெளித்திருக்கிறது. திரையில் அது நிழல் போலத் தெரியும். துணியில் அந்தப் பொடிகளில் பாதி ஸ்கிரீன் துளைக்குள் அடைத்துக்கொண்டு விழவே இல்லை. மீதி விழுந்து, பின்னல் துணி உறிஞ்சியதில் ஒன்றோடொன்று சேர்ந்து சேறாகிவிட்டன. இன்னொரு பக்கம், மாம்பழத்துக்கும் இலைக்கும் நடுவில் நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு, எல்லாப் பழத்தைச் சுற்றியும்.

மாஸ்டர் திட்டவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் இருந்த லென்ஸை ஒரு இறக்கையின் மேல் வைத்தார். "இதுல எத்தனை கலர், அம்மிணி?"

"ஆறுங்க மாஸ்டர்."

"ஃபைல்ல ஆறு. நான் கேக்கறது கிளியில. இந்த இறக்கைக்கு எத்தனை ஸ்கிரீன் வெச்சீங்க? எதுக்கு மேல எது விழணும்னு வெச்சீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வரைந்த டிசைன் எதைக் கேட்டிருந்தாலும் தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்லியிருப்பேன். இறக்கைக்கு இரண்டு, முதலில் இளம்பச்சை முழுசாக விழும், அதன் மேல் கரும்பச்சை கோடுகளாக விழும் என்று. இந்தக் கிளியில் யாரும் எதையும் வைக்கவில்லை. பச்சை அங்கே நின்றதற்கு ஒரு காரணமும் இல்லை. அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காக நின்றது, அவ்வளவுதான்.

வெள்ளைக் கோட்டின் கதையும் அதுவேதான். பனியன் துணி இழுபடும். மெஷினின் பிளாங்கெட் பெல்ட்டில் ஒட்டி ஓட்டினாலும் ஒரு உருளையிலிருந்து அடுத்த உருளைக்குப் போவதற்குள் முடியளவு நகரும். அதனால் இரண்டு கலர் சந்திக்கும் இடத்தில் லேசான கலரைக் கொஞ்சம் பெருக்கி, அடர்ந்த கலருக்கு அடியில் நுழைத்து வைப்போம். எங்கள் யூனிட்டில் அரை மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் துணி பல்லைக் காட்டும், ரொம்பக் கூடினால் இரண்டும் சேர்ந்து ஓரத்தில் கறுப்பாக ஒரு மூன்றாவது கலர் தெரியும். எது எதற்கு அடியில் போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். தானாகக் குறைத்த ஃபைலில் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சலோடு சரியாக முட்டிக்கொண்டு நிற்கிறது. அடி, மேல் என்று எதுவுமே கிடையாது.

அந்த மேஜையின் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பயம் குறைந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆனால் பயத்துக்கு ஒரு வடிவம் வந்தது. சின்ன முதலாளி ஒரு ராத்திரியில் செய்தது நாற்பது படம். நான் மூன்று நாளில் செய்வது ஆறு உருளைக்கு வேண்டிய ஆறு கறுப்பு வெள்ளைத் தாள்கள், அவை ஒன்றின் மேல் ஒன்று விழும்போது படமாகத் தெரிகிறது. இத்தனை வருடமும் நானே என் வேலையைப் படம் வரைவது என்று நினைத்திருந்ததால்தான் அன்றைக்கு டிவி முன்னால் அப்படி நடுங்கினேன்.

ஆரத்துக்கும் மாந்தளிருக்கும் ஒரே ஸ்கிரீன்

ஆபீஸுக்கு வந்து அந்த ஃபைலைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் டிரேஸ் போட்டால் ஓரங்கள் கோடாகிவிடும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று கணக்கு. ஒரு இலைக்கு நான் வரைந்தால் ஆறோ எட்டோ புள்ளிகள் போதும். அது ஒரு இலையின் ஓரத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேல் புள்ளி வைத்து, ஓரம் முழுவதும் கரையான் அரித்த மாதிரி ஆக்கியிருந்தது. ஒவ்வொரு இலையாக வழித்துக்கொண்டே இரண்டு முழு நாள் போனது. பாதிகூட முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அத்தனையையும் மூடிவிட்டு, பென்சிலை எடுத்துப் புதிதாக வரைந்தேன். படத்தை ஒரு பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்று நாளில் முடிந்தது.

அப்படி வரையும்போதுதான் எத்தனை முடிவுகள் என் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். துணி லேசான சந்தன நிறம், அதற்கு ஸ்கிரீன் வேண்டாம். மீதி ஆறு: இளம்பச்சை, கரும்பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், ரோஸ், பழுப்பு. ஆண் கிளியின் கழுத்தில் ரோஸ் நிறத்தில் ஆரம் இருக்கும். அந்த மெல்லிய வளையத்துக்காக ஒரு முழு ஸ்கிரீனைச் செலவழிப்பது கட்டாது. ரோஸை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாமரம் ஞாபகத்துக்கு வந்தது. மாந்தளிர் பச்சையாகவா வருகிறது? செம்பும் ரோஸும் கலந்த நிறத்தில் தொங்கிக்கொண்டு வரும். ஆக ஆரத்துக்கும் தளிருக்கும் ஒரே ஸ்கிரீன். அதே மாதிரி மூக்குக்கும் பழத்தின் கன்னத்துக்கும் செம்மஞ்சள். கண், கிளை, கால், நிழல் எல்லாம் பழுப்பு. நிழலைக் கரைத்துக் காட்டாமல் பழுப்பில் மெல்லிய கோடுகளாகக் கீறினேன். கோட்டின் கனம் அரை மில்லிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், குறைந்தால் எங்கள் துணியில் விட்டு விட்டுத்தான் விழும்.

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 17-ஆம் நம்பரில் எல்லாக் கிளியும் மைனாவின் கால்களோடு கிளையில் உட்கார்ந்திருந்தன: முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழத்தைக் கையில் பிடிப்பது போல அது காலால் பிடித்துச் சாப்பிடுவது அதனால்தான். பையர் இதைக் கவனித்திருக்க மாட்டார். எனக்கு அப்படியே விட மனம் வரவில்லை.

அப்புறம் கட்டிங் மாஸ்டர் ஒரு விஷயம் கேட்டார். "எல்லாக் கிளியும் தலை மேல பாத்து நிக்குது, ஒன் வேயாங்க?" டிசைனுக்கு ஒரே திசைதான் என்றால் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியில் ஒரே பக்கம் பார்த்துத்தான் வைத்து வெட்ட முடியும். தலைகீழாகத் திருப்பி இடைவெளியில் சொருக முடியாது. சட்டைக்குச் சில கிராம் துணி கூடும். 18,000 பீஸில் அந்தச் சில கிராம் பெரிய பணம். டிவியில் ஓடிய நாற்பதில் நான் பார்த்தவரை எல்லாமே ஒன் வே. படம் என்றால் வானம் மேலே இருக்கும், தரை கீழே இருக்கும், அதுதானே இயல்பு. நல்ல வேளை, நமக்குக் கிளி வாய்த்தது. கிளி பழம் தின்னும்போது தலைகீழாகத் தொங்கும். பாதிக் கிளிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். கிளைகளை எல்லாப் பக்கமும் சாய்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் உறுத்தாத டூ வே டிசைனாகிவிட்டது. ரிப்பீட்டை 32 சென்டிமீட்டரில் வைத்து ஹாஃப் டிராப் கொடுத்தேன், அதாவது அடுத்த வரிசை 16 சென்டிமீட்டர் இறங்கித் தொடங்கும். இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் சட்டை அகலம் ஏறக்குறைய ஒரு ரிப்பீட்தான். நேராக அடுக்கினால் எல்லாக் கிளியும் ஒரே வரிசையில் சிப்பாய் மாதிரி நிற்கும். மிட்ஜர்னி என்ற ஏஐ மென்பொருளில் கட்டளையோடு `--tile` என்று போட்டால் ஓரங்கள் ஒட்டிப்போகும் சதுரம் கிடைக்கிறது, உண்மையிலேயே நன்றாக ஒட்டுகிறது. ஆனால் அது நேர் அடுக்குத்தான். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் பெரிய பழம் ஒன்று வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டு போவது தெரியும்.

பையருக்கு இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் மெர்ச்சண்டைசருக்கு நடுக்கம். அவர் ஓகே செய்தது நீர்வண்ணப் படம், நாம் அனுப்பப்போவது தட்டையான ஓவியம். ஆறு கலரில் இப்படித்தான் வரும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் ஸ்டிரைக் ஆஃபின் போட்டோவையும் சேர்த்து உண்மையை எழுதச் சொன்னேன். நான்கு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. அந்த நான்கு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

எங்கே வைத்துக்கொண்டேன்

இதற்குப் பிறகு அந்த மென்பொருள் பக்கமே போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது தினமும் பயன்படுத்துகிறேன், இரண்டு இடத்தில்.

முதல் இடம், பென்சிலை எடுப்பதற்கு முன்னால். முன்பெல்லாம் "மாந்தோப்பு, கிளி, வெயில் காலம்" என்று பையர் ஒரு வரி எழுதினால் நான் இரண்டு நாள் செலவழித்து மூன்று டிசைன் வரைந்து அனுப்புவேன். "இல்லை, இவ்வளவு நெருக்கமாக வேண்டாம்" என்று பதில் வரும். நெருக்கம் என்பது அவர் மனதில் என்ன, என் மனதில் என்ன என்று தெரிவதற்கே ஒரு வாரம் போகும். இப்போது அதே வரிக்கு அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சின்னப் படம் எடுத்து, நெருக்கமானது, விரிந்தது, பெரிய உரு, சின்ன உரு, வெயில் நிறம், சாயங்கால நிறம் என்று ஒரே தாளில் வைத்து அனுப்புகிறேன். வேண்டுமென்றே உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக்குவதில்லை. பெரிதாகக் காட்டினால் பையர் அந்த நீர்வண்ணத்தில் மயங்கிவிடுகிறார், பிறகு அதைத்தான் கேட்பார். தாளின் மேலேயே "டிசைன் இது இல்லை, போக வேண்டிய திசை மட்டும்" என்று எழுதிவிடுகிறேன். அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். அதற்கப்புறம் மூடி வைத்துவிட்டு வரைகிறேன்.

மூடி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிசைன் எங்கள் சொந்த ஆக்கம் என்று எழுதிக் கேட்கும் பையர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, வெறும் கட்டளை எழுதி வரவழைத்த படத்துக்கு அதை எழுதியவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார் என்று சொல்கிறது. மனிதர் தன் கையால் செய்த பகுதிக்குத்தான் உரிமை. அதனால் பென்சில் தாள்களைத் தேதி போட்டு ஸ்கேன் செய்து, அடுக்குகளை ஒன்றாக்காத ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன். யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட என் கைவேலை இருக்கிறது.

இரண்டாவது இடம், வரைந்து முடித்த பிறகு. சட்டை எப்படி இருக்கும் என்று பையருக்குக் காட்டும் படம். இதில் நான் ஒரு தடவை சூடு பட்டேன். டிசைன் ஃபைலைக் கொடுத்து, குழந்தை போட்டிருப்பது போலக் காட்டச் சொன்னேன். தத்ரூபமான படம், மடிப்பு, வெளிச்சம் எல்லாம் நிஜம் போல. அனுப்புவதற்கு முன் ஏதோ உறுத்தியது. கிளிகளை எண்ணினேன். என் டிசைனில் அந்த இடத்தில் ஐந்து வர வேண்டும், சட்டையில் ஏழு இருந்தன. அது என் டிசைனைத் துணியில் ஒட்டவில்லை, அதைப் பார்த்து வேறொரு டிசைனை வரைந்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்குப் பையர் ஒப்புதல் கொடுத்திருப்பார். இப்போது மென்பொருளிடம் கேட்பது ஒன்றும் அடிக்காத வெள்ளைச் சட்டையின் படம் மட்டும். மடிப்பும் நிழலும் அது தரட்டும். அதன் மேல் என் உண்மையான ஃபைலை போட்டோஷாப்பில் அடியில் உள்ள நிழல் தெரியும்படி மல்டிப்ளை லேயராக வைத்து, மடிப்புக்குத் தக்கபடி வளைத்துக்கொள்கிறேன். இருபது நிமிடம் கூடுதலாகும். ஆனால் கிளிகள் ஐந்துதான்.

இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது, உருவை வரைவது, கலர் பிரிப்பது, ரிப்பீட் கட்டுவது, அடியில் எது மேலே எது என்று வைப்பது, என் மேஜையிலேயே இருக்கிறது. கலர் பிரிக்கவும் மென்பொருள்கள் முன்பிருந்தே உண்டு, அவையும் வளர்ந்துகொண்டுதான் வருகின்றன. இந்த நடுப்பகுதியும் ஒரு நாள் போகலாம். போகாது என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. இன்றைக்கு ஸ்டிரைக் ஆஃப் கெட்டால் போன் எனக்குத்தான் வருகிறது, அதற்குப் பதில் சொல்ல என்னால் முடிகிறது, அது எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. முன்பெல்லாம் சீசனுக்குச் சீசன் வெளியிலிருந்து ஒரு அக்கா எங்களுக்குக் கான்செப்ட் தாள்கள் செய்து தருவார். நான் இப்போது அரை மணி நேரத்தில் செய்கிறேன் என்று சொன்னேனே, அது அவருடைய ஒரு வார வேலை. அவரைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. நிறுத்தச் சொன்னது நான் இல்லை, ஆனால் அந்தத் தாளைச் செய்வது நான். அடுத்து, எனக்குக் கீழே ஒரு ஜூனியர் எடுப்பதாக இருந்தார்கள், அதுவும் இந்த வருடம் இல்லை என்றாகிவிட்டது. நான் கலர் பிரிக்கக் கற்றுக்கொண்டதே ஜூனியராக இருந்தபோது சீனியர்களின் ஃபைல்களை மாதக்கணக்கில் துடைத்துத் துடைத்துத்தான். அந்த இடத்தில் இனி யார் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள்?

முதலாளியிடம் போய்க் கேட்டேன். ஜூனியர் முடியாது, வேண்டுமானால் கல்லூரியிலிருந்து ஒரு மாதம் பயிற்சிக்கு யாராவது வரட்டும் என்றார். சரி என்றேன். போன மாதம் ஒரு பெண் வந்தாள். நன்றாக வரைகிறாள். வந்த முதல் நாளே, "அக்கா, இந்தப் படிப்பு முடிச்சா வேலை இருக்குமாக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு துணியை எடுத்து மேஜையில் விரித்தேன். ஒன்று சொறி பிடித்த 17-ஆம் நம்பர், இன்னொன்று பல்க்கில் ஓடியது. லென்ஸை அவள் கையில் கொடுத்து, எத்தனை கலர் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது துணியை ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். "ஏழுக்கா" என்றாள்.

"அந்தக் கிளியோட ஆரத்தைப் பாரு" என்றேன். "அதே கலர் வேற எங்க இருக்குது?"

குனிந்து மறுபடி தேட ஆரம்பித்தாள்.